குலப்பெயர் என்று படித்த பத்தி

என் சித்தப்பா மகன் வாட்ஸப்பில் எதையாவது அனுப்பிக் கருத்துக் கேட்டால், முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான், தாணேயில் ஃப்ளாட்டுக்கு முன்பதிவு செய்து பிறகு விட்டபோதும் அப்படித்தான். நான் குறை சொல்வேன், அவன் கோபித்துக்கொள்வான், கிறிஸ்துமஸ் வரை பேச்சு இருக்காது. "எங்க அண்ணன் கையில பைபிளைக் கொடுத்தாலும் நாலு இடத்துல திருத்தம் போட்டுத் திருப்பிக் கொடுப்பாரு" என்று தாராவியில் தன் சிநேகிதர்களிடம் அவன் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஓய்வு பெறும்வரை வங்கியில் என் வேலையே அதுதான். அடமானத்துக்கு வரும் நிலங்களின் காகிதங்களைப் படித்து, கடன் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது. கூடாது என்று எழுதியவை அதிகம். கொடுக்காமல் போன அந்தக் கடன்களுக்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை, யாரும் அழுததும் இல்லை.

இந்த முறை வந்தது ஒரு ஸ்க்ரீன்ஷாட். மகாராஷ்டிர அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் கிடைக்கும் 'சாத்பாரா', அதாவது ஏழு-பன்னிரண்டு என்று இங்கே எல்லோரும் சொல்லும் நிலக்குறிப்பு. மேலே ஏழாம் படிவத்தில் உரிமையாளரும் உரிமைகளும், கீழே பன்னிரண்டாம் படிவத்தில் பயிர். எல்லாம் மராத்தியில். படத்தின் கீழே அவன் செய்தி: "அண்ணன், ஞாயித்துக்கிழமை கையெழுத்து. பாத்துட்டு ஓகே மட்டும் சொல்லுங்க."

'ஓகே மட்டும்' என்ற இரண்டு சொற்களை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு இந்த நிலம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாராவியில் அவன் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தான். பட்டறை வாடகைக் கட்டடத்தில் இருந்தது. காலா என்பார்கள். அதன் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு காலா கேட்ட இடத்திலெல்லாம் வாடகை அவனுக்கு எட்டவில்லை. கல்யாண் நகருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் துண்டு நிலம் வாங்கி, ஷெட் போட்டு, மெஷின்களைத் தன் பெயரில் உள்ள மண்ணில் இறக்க வேண்டும் என்பது அவன் திட்டம். "இனிமே எவன் வாசல்லயும் நான் நிக்கமாட்டேன்" என்றான். அந்த ஆசையில் தவறில்லை. ஆசையோடு ஒரு ஏஜெண்ட்டும் வந்து சேர்ந்ததுதான் தவறு.

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்.

இடதுபக்கம் உரிமையாளர்கள். நான்கு பெயர்கள், ஒரே குடும்பப் பெயர், இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பரப்பு நான்கு பேருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தது. யாருக்கு எந்தப் பகுதி என்ற பிரிவினை இல்லை. நிலத்தின் வகை மானாவாரி விவசாயம். ஏஜெண்ட் வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்த 'பிளாட் எண் ஏழு' என்ற மனை அரசாங்கத்துக்குத் தெரியவே தெரியாது. அரசாங்கத்துக்குத் தெரிந்தது கட் நம்பர் என்ற ஒரே ஒரு சர்வே எண்ணும் அதன் மொத்தப் பரப்பும்தான். கீழே, பயிர்ப் பகுதியில், நெல்.

வலதுபக்கப் பத்திதான் வங்கிக்காரன் முதலில் படிப்பது. அதில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன், 'போஜா' என்று. அந்த வரியின்மேல் குறுக்கே ஒரு கோடு. புதிய முறையில் கோடு போட்டிருந்தால் கடன் தீர்ந்தது என்று பொருள். நல்லது. அதற்கு மேலே, 'குளாசே நாவ் வ கண்ட்' என்ற தலைப்பின் கீழ், ஐந்தாவதாக ஒரு பெயர். நான்கு உரிமையாளர்களின் குடும்பப் பெயர் இல்லை, வேறு குடும்பப் பெயர். அதன்மேல் கோடு இல்லை.

படம் அங்கேயே வெட்டுப்பட்டிருந்தது. அந்தப் பத்தியின் அடியில் வழக்கமாக இன்னும் இரண்டு வரிகள் இருக்கும். முடியாமல் கிடக்கும் பெயர்மாற்றம் ஏதாவது உண்டா, கடைசியாக நடந்த பெயர்மாற்றம் எது என்று. அந்த இரண்டு வரிகளை மட்டும் யாரோ விரலால் அளந்து வெட்டியது போல இருந்தது.

போன் செய்தேன்.

"அந்த வலதுபக்கப் பத்தியப் படிச்சியா?"

"படிச்சேன்லா. லோனு இருந்துச்சு, அடிச்சுட்டாவ. வில்லங்கம் கிடையாது."

"அதுக்கு மேல?"

"மேல என்ன? குளாசே நாவ். குலத்துப் பேரு." பள்ளியில் இந்தி படித்தவன், எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். சிரித்தான். "நம்மூர்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வகையறாப் பேரு இருக்குல்லா? அந்த மாதிரிதான். பூர்வீகச் சொத்து அண்ணன். குலம் வரைக்கும் ரெக்கார்டுல இருக்கு. ஏஜெண்ட்டுகிட்டயும் கேட்டுட்டேன். கரெக்ட்டுன்னு சொன்னான்."

எத்தனையோ விதமாக மக்கள் தப்பாகப் படித்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தப்பைச் செய்ய ஒரு தமிழனால்தான் முடியும். மராத்தியிலும் குள் என்றால் வம்சம் என்ற பொருள் உண்டு. நிலக்குறிப்பில் வரும் குள் வம்சம் இல்லை. அது குத்தகைக்காரன். உழுகிறவன். அந்த ளகரத்தை லகரமாக்கி, என் தம்பி ஒரு குத்தகைதாரரைக் குலதெய்வமாக்கியிருந்தான்.

"ஏல, அது குலம் இல்ல. குத்தகைக்காரன் பேரு. பக்கத்துல கண்ட்னு இருக்கு பாரு, அது அவன் கொடுக்க வேண்டிய குத்தகை. உனக்கு அங்க ஒரு கண்டம் காத்திருக்கு."

மறுமுனையில் 'ச்சு' என்றான். என் சொற்சாதுரியத்தை அவன் ரசிக்கவில்லை என்று தெரிந்தது.

"குத்தகைக்காரன் பேரு கோடு போடாம நிக்குதுன்னா, சட்டப்படி அந்த நிலத்த விலைக்குக் கேக்கற உரிமை அவனுக்கும் அவன் வாரிசுக்கும் இருக்கலாம். தாசில்தார் கோர்ட்டுல போய் நிப்பாவ. அது மட்டும் இல்ல, இது விவசாய நிலம். இந்த ராஜ்யத்துல விவசாயி இல்லாதவன் சும்மா வாங்க முடியாது. நீ விவசாயியா?"

"என்.ஏ. ஆயிரும், விவசாயம் இல்லாத நிலமா மாத்திரலாம்னு ஏஜெண்ட் சொல்லுதான்."

"ஆயிருமா, ஆயிட்டா?"

"எல்லாத்துலயும் இப்படித்தான் அண்ணன் நீங்க. உங்களுக்குச் செம்பூர்ல ஃப்ளாட்டு இருக்கு, பார்க்கிங் இருக்கு. நிறுத்த காருகூட இல்ல, ஆனா பார்க்கிங் இருக்கு. எனக்கு மெஷின் வைக்க இடம் இல்ல. நீங்க ளகரம் சொல்லிக் குடுக்கீய."

வைத்துவிட்டான்.

அவன் சொன்னது உண்மை. எனக்குக் கார் இல்லை, பார்க்கிங் இருக்கிறது. அந்த உண்மைக்கும் கோடு போடாத குத்தகைக்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இணையதளத்தைத் திறந்தேன். மாவட்டம், தாலுகா, கிராமம், கட் நம்பர், என் மொபைல் எண், பிறகு மனிதன்தானா என்று சோதிக்கும் கோணல் எழுத்துக்கள். இலவசமாகக் காட்டும் பக்கம் தகவலுக்கு மட்டுமே, சட்டக் காரியத்துக்கு ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆகவே டிஜிட்டல் கையெழுத்துள்ள நகலுக்கு, ஒரு டீ விலைதான், பணம் கட்டி இறக்கினேன். வெட்டுப்பட்ட இரண்டு வரிகளும் அங்கே பத்திரமாக இருந்தன. முடியாமல் கிடக்கும் பெயர்மாற்றம்: இருக்கிறது, எண்ணோடு. கிராமத்தின் பெயர்மாற்ற நோட்டீஸ்கள் ஒட்டப்படும் இன்னொரு பக்கத்துக்குப் போனேன். அதே கட் நம்பர், அதே எண். வகை: வாரிசு. ஆட்சேபம் சொல்ல நாள் இன்னும் முடியவில்லை. அந்த ஐந்தாவது பெயர்க்காரர் இறந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் அதே பத்தியில் தங்கள் பெயரை ஏற்றச் சொல்லி விண்ணப்பித்திருந்தார்கள். குத்தகை உயிரோடு இருந்தது. உரிமை கேட்டு வாசல்வரை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அழைப்பில்லாமல், தாராவிக்குப் போனேன்.

ஏஜெண்ட்டின் ஆபீஸ் ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே, ஏணி மாதிரி செங்குத்தான இரும்புப் படியில் ஏறிப் போக வேண்டும். உள்ளே என் தம்பி, அவன் மனைவி, ஏஜெண்ட், நான் வந்ததும் யாருக்கும் இடமில்லாமல் போன அளவுக்கு ஒரு மேசை. மேசையில் முத்திரைத்தாள், பேனா, தட்டில் சமோசா. ஏஜெண்ட் நாற்பது வயதுக்காரன், எங்கள் ஜில்லாக்காரன்தான், இங்கேயே பிறந்தவன்.

என் தம்பி என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி மட்டும், "வாங்கத்தான். திருத்தம் போட வந்தீயளாக்கும்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

ஏஜெண்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உக்காருங்க அங்கிள். அண்ணாச்சி சொன்னாரு, நீங்க பேங்க்ல பெரிய ஆபீசரா இருந்தீங்கன்னு. ஆனா அங்கிள், நீங்க ரிடையர் ஆன மாதிரி அந்த ரூல்ஸும் ரிடையர் ஆயிடுச்சு. இப்ப எல்லாம் ஆன்லைன். டென்ஷன் நக்கோ."

"ரொம்ப நல்லது. அப்ப ஆன்லைன்லயே திறங்க. இவனுக்கு அனுப்பின படத்துல அடியில ரெண்டு வரி காணோம். அத மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

போனை எடுத்தான், தட்டினான், உதட்டைப் பிதுக்கினான். "சர்வர் டவுன்."

"அடிக்கடி ஆகும்" என்றேன். உண்மையிலேயே ஆகும். அதனால்தான் நான் நகலைக் கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுத்துத் தம்பி முன்னால் வைத்தேன். "இதுல சதுரமா ஒரு க்யூ.ஆர். கோட் இருக்கு. உன் போன்ல நீயே ஸ்கேன் பண்ணு. நான் எழுதினதா, சர்க்கார் எழுதினதான்னு தெரிஞ்சிரும்."

அவன் அதைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தான், ஊரில் பங்காளிகள் வரப்புத் தகராறில் பார்க்கும் பார்வை. தொட்டது அவன் மனைவி. தன் போனில் ஸ்கேன் செய்தாள். அதே தாள் அரசாங்கப் பக்கத்தில் விரிந்தது. போனை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

அவன் வாய்விட்டுப் படித்தான், மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விரல் வைத்து. "குளாசே... நாவ்..." பெயரையும் படித்தான். பிறகு நிமிர்ந்து ஏஜெண்ட்டைக் கேட்டான்.

"தம்பி, நேராச் சொல்லு. இது குலமா, குத்தகையா?"

ஏஜெண்ட் சிரித்தான். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. டிக்‌ஷ்னரியில பாருங்க."

"டிக்‌ஷ்னரிய விடு. இந்தத் தாள்ல என்ன?"

"குள்ளுன்னா... இருந்துச்சு ஒரு காலத்துல. எந்தத் தாத்தாவோ. இப்ப யாரு வர்றா? நம்ம ஆளு ஒருத்தர் கிராமக் கணக்கு பாக்கற தலாட்டி ஆபீஸ்ல இருக்காரு. செட்டிங் இருக்கு, பேர எடுத்துரலாம்."

"எடுக்கறதுக்கு இல்ல, ஏத்தறதுக்கு நோட்டீஸ் போயிருக்கு" என்றேன். இரண்டாவது தாளை வைத்தேன். "வாரிசு. இவங்க வரலன்னா யாரு விண்ணப்பம் போட்டது?"

என் தம்பி நோட்டீஸைப் பார்க்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், ஏஜெண்ட்டிடம்தான்.

"அன்னைக்கு நாம நிலம் பாக்கப் போனோம்லா. ஒரு ஆளு நாத்து நட்டுக்கிட்டு நின்னான். யாருன்னு கேட்டேன். வாட்ச்மேன்னு சொன்ன."

"வாட்ச்மேன்தான்."

"வாட்ச்மேன் எதுக்கு நாத்து நடுதான்?"

"டைம்பாஸ் அண்ணாச்சி. கிராமத்து ஆளுங்க சும்மா இருக்கமாட்டாங்க."

அவன் மனைவி ஒரு சமோசாவை எடுத்து, பார்த்து, திரும்பத் தட்டில் வைத்தாள். "அந்த டைம்பாஸுதான் இந்தத் தாள்ல நெல்லுன்னு எழுதியிருக்கா?"

ஏஜெண்ட்டின் குரல் மாறியது. "அக்கா, நம்பிக்கை இருந்தா வாங்குங்க. இல்லன்னா உங்க பட்டறை லைன்லயே இன்னும் ரெண்டு பேரு காத்து நிக்கறாங்க. நான் யாரையும் கைய பிடிச்சு இழுக்கல. படிச்சவங்களக் கூட்டிட்டு வந்து என் ஆபீஸ்ல ஜக்டா பண்ணாதீங்க." என்னைப் பார்த்தான். "அங்கிள், ஒண்ணு சொல்றேன். நீங்க கிளீன் பேப்பர்னு சொல்ற நிலம் இந்த விலைக்குக் கிடைக்காது. கிடைச்சா எனக்கு ரெண்டு வாங்கிக் கொடுங்க."

அவன் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

என் தம்பி பேனாவை மூடி வைத்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். மூவரும் இரும்புப் படி இறங்கித் தெருவுக்கு வந்தோம். கீழே மொபைல் கடை வாசலில் நின்று அவன் என் பக்கம் திரும்பினான்.

"சந்தோசமா இப்ப?"

"எதுக்குச் சந்தோசம்? தப்பிச்சேன்னு நினை."

"போன்ல சொன்னீய. சரி. இங்க வந்து, அவன் முன்னால, இவ முன்னால, என்னை எழுத்துக் கூட்டிப் படிக்க வச்சுச் சொல்லணுமா? அவன் நாளைக்கு லைன் பூராவும் சொல்லுவான், அண்ணாச்சி குத்தகைக்காரனைக் குலசாமின்னு நினைச்சுட்டாருன்னு."

"போன்லதான் நீ வச்சுட்டியே."

"திரும்பப் பண்ணியிருக்கலாம்லா."

திரும்பச் செய்திருக்கலாம். செய்திருந்தால் அவன் எடுத்திருக்கமாட்டான் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவன் மனைவி பின்னாலிருந்து, "சாப்பிட்டுட்டுப் போங்கத்தான்" என்றாள், கூப்பிடும் குரலில் இல்லை, சொல்லிவைக்கும் குரலில்.

ஏஜெண்ட் சொன்னபடி லைனில் நின்ற இரண்டு பேரில் ஒருவன் அந்த 'பிளாட் எண் ஏழு' மனையை வாங்கினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நோட்டரி முத்திரையோடு ஒரு ஒப்பந்தம், வண்ணத்தாளில் ஒரு படம். அவன் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லப் போகவில்லை. இலவசமாக நான் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வசவு ஒரு குடும்பத்தோடு போதும்.

மாதக் கடைசியில், என் மனைவி மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில், எங்கள் குடியிருப்பு சொசைட்டி வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. வாட்ச்மேன் இண்டர்காமில் கூப்பிட்டான். இறங்கிப் போய்ப் பார்த்தேன். டெம்போவில் தோல் தைக்கும் மெஷின்கள், கால்கள் கழற்றிச் சாக்கில் கட்டி. முன்சீட்டிலிருந்து என் தம்பி இறங்கினான்.

"காலா காலி பண்ணியாச்சு" என்றான். "நிலம் வேண்டாம்னு சொன்னது நீங்க. இதை எங்க வைக்க?"

"நான் வேண்டாம்னு சொல்லல. காகிதம் சொன்னது."

"சரி. காகிதத்துகிட்ட பார்க்கிங் இல்ல. உங்ககிட்ட இருக்கு."

பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. பார்க்கிங் இடத்தில் வாகனம் தவிர வேறு பொருட்கள் வைக்கலாகாது என்ற எங்கள் சொசைட்டி விதியை, நான் செயலாளராக இருந்தபோது, என் கையால் எழுதினேன். மூன்றாம் மாடிக்காரர் தன் பழைய கட்டிலை வைத்தபோது நோட்டீஸ் அனுப்பி அப்புறப்படுத்தியதும் நான்தான். கட்டிலுக்குச் சக்கரம் இருக்கிறது என்று அவர் வாதாடினார். நான் ஏற்கவில்லை. இதையெல்லாம் நான் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோதே முதல் மெஷின் இறங்கிவிட்டது.

நோட்டீஸ் அந்த வாரமே வந்தது. இப்போதைய செயலாளர் என் வாசகத்தில் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மெஷின்கள் சௌகரியமாக இருக்கின்றனவா என்று விசாரிக்கிறார். நான் பதில் கடிதம் எழுதியிருக்கிறேன். 'பொருட்கள்' என்ற சொல்லுக்கு விதியில் விளக்கம் தரப்படவில்லை என்று. அந்த ஓட்டையை விட்டது யார் என்று அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி தாராவியில் வேறு ஒருவன் பட்டறையில் பாதி நாள் வாடகைக்கு இடம் பிடித்துத் தைக்கிறான். அங்கே இரண்டு மெஷினுக்குத்தான் இடம். மற்றவை என்னிடம், தார்ப்பாய் மூடி. நிலம் தேடுவதை அவன் நிறுத்தவில்லை. ஸ்க்ரீன்ஷாட்டுகள் வருகின்றன. 'ஓகே மட்டும்' இப்போது இல்லை. வணக்கமும் இல்லை. படம் மட்டும், அடிவரி வரைக்கும் முழுசாக. நான் 'கூடாது' என்று ஒரு சொல்லில் பதில் அனுப்புகிறேன். அவன் அதற்கு ஒன்றும் எழுதுவதில்லை.

போன வாரம் அவன் மனைவி ஒரு பையோடு வந்தாள். நல்ல தோல், கைத்தையல், உள்ளே எனக்குத் தேவையான அளவில் காகிதம் வைக்கும் அறை. கேட்டைத் தாண்டாமல் நின்று நீட்டினாள். "மெஷினைப் பாத்துக்கறீயல்லா. அவர் குடுக்கச் சொன்னாரு."

"வேண்டாம்மா. எடுத்துட்டுப் போ."

"பை நல்லா இல்லையாத்தான்?"

"பை நல்லாத்தான் இருக்கு."

அவள் போய்ச் சேர்ந்த நேரத்துக்கு அவன் போன் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவன் குரல்.

"பைய வாங்கினா அது கண்ட், குத்தகை மாதிரி. அதை வாங்கிட்டா நான் உங்க பார்க்கிங்ல குள் ஆயிருவேன். பேர எடுக்க முடியாது. அதானே பயம்?"

உச்சரிப்பு சரியாக இருந்தது. ளகரம் சுத்தமாக.

"ஆமா" என்றேன்.

"நல்லது. அப்ப வாடகை இல்லாமலே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.